பள்ளிக் குழந்தைகளுக்கு இம்பெடிகோ: களிம்பு எப்போது போதும், வாய்வழி மருந்து எப்போது வேண்டும், வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் எப்படித் தடுப்பது?

முகத்தில் புண்ணோடு வரும் குழந்தையைப் பார்த்து "இது இம்பெடிகோ" என்றதும், பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள்: "களிம்பு மட்டும் போதுமா டாக்டர்? வாய்க்கும் ஏதாவது மருந்து எழுதிக் கொடுத்துடுங்களேன்." குடிக்கிற மருந்துதான் வீரியமானது, களிம்பு சும்மா மேல்பூச்சு என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. இந்த நோயில் அது பொருந்தாது. இம்பெடிகோ என்பது பாக்டீரியாவால் வரும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் தோல் தொற்று. அதன் கிருமி தோலின் மிக மேலான அடுக்கிலேயே தங்கிப் பெருகுகிறது. அங்கே களிம்பு நேராகப் போய்ச் சேரும். குடித்த மருந்தோ குடலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து, அதில் ஒரு சிறு பங்குதான் அந்த இடத்துக்கு வரும். போகிற வழியில் வயிற்றுப்போக்கையும் கிளப்பிவிடலாம். பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வும், உடலெங்கும் பரவாத இம்பெடிகோவுக்கு மியூபிரோசின், ஃபியூசிடிக் அமிலம் என்ற இரு களிம்புகளும் வாய்வழி மருந்துக்கு இணையாகவோ அதைவிட நன்றாகவோ வேலை செய்கின்றன என்றுதான் சொல்கிறது.

வாய்வழி மருந்துக்கும் இடம் உண்டு. அந்த இடம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். ஒரே வீட்டில் அண்ணனுக்குக் களிம்பும் தங்கைக்குக் குடிக்கும் மருந்தும் தேவைப்படலாம். அப்படி ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். அண்ணனுக்கு எட்டு வயது. சளி பிடித்து மூக்கொழுகி, துடைத்துத் துடைத்து மூக்கின் அடிப்பகுதி புண்ணாகி, அங்கே இரண்டு புண்கள். ஆறு நாள் கழித்து ஐந்து வயதுத் தங்கைக்குத் தாடையில் மூன்று, முழங்கையில் இரண்டு, முழங்காலில் இரண்டு, தொடையில் ஒன்று. அவள் எடை 18 கிலோ. வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி இருக்கிறார்கள்.

## முதலில், இது இம்பெடிகோதானா?

பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவால் வருகிறது. சில நேரம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனஸ், சில நேரம் இரண்டும் சேர்ந்தே. நல்ல தோலில் இவை எளிதில் நுழைவதில்லை. கொசுக்கடியைச் சொறிந்த இடம், விளையாடும்போது ஏற்பட்ட சிராய்ப்பு, சளியால் ஊறிப்போன மூக்கோரம் ஆகியவைதான் வாசல். சிறிய சிவப்புப் புள்ளியாகத் தொடங்கி, நீர் கோத்து, ஒரு நாளுக்குள் உடைந்து, கசிந்த நீர் காய்ந்து தேன் நிறப் பொருக்காக மாறும். அரிப்பு இருக்கும். வலி அவ்வளவாக இருக்காது. காய்ச்சலும் வழக்கமாக இருக்காது.

இன்னொரு வகையில் பெரிய, தளர்ந்த நீர்க்கொப்புளங்கள் வரும். உடைந்தால் மெல்லிய பழுப்புத் தகடு போல் காயும். ஸ்டாஃபிலோகாக்கஸ் சுரக்கும் நச்சுப்பொருள் தோலின் மேல் அடுக்கைப் பிரித்துவிடுவதால் வருவது இது. சின்னக் குழந்தைகளுக்கு அதிகம். இந்தக் கொப்புள வகைக்குப் பொதுவாக வாய்வழி மருந்துதான்.

இம்பெடிகோ போலத் தோன்றி ஏமாற்றும் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து எரிச்சலும் வலியும் இருந்தால், அதுவும் முன்பு வந்த அதே இடத்திலேயே வந்தால், ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கு இந்தக் களிம்பால் பயனில்லை. எக்சிமா எனப்படும் கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென ஒரே அளவான, குத்தியெடுத்தது போன்ற புண்கள் பரவி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதையும் ஹெர்பீஸ் உண்டாக்கக்கூடும்.

அடிக்கடி தவறவிடப்படுவது சொறி எனப்படும் ஸ்கேபீஸ்தான். குழந்தை இரவில் தூங்காமல் சொறிகிறதா, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பா என்று கேட்க வேண்டும். அப்படியென்றால் இம்பெடிகோ மேலே ஏறி உட்கார்ந்த விருந்தாளிதான். அடியில் இருக்கும் சொறிக்கு வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போடாவிட்டால் புண் ஆறி ஆறித் திரும்பும். பிடரியில் மட்டும் புண் வந்தால் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்க்கவும்.

## எண்ணிப் பார்ப்பது

குழந்தையை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, உடையைக் கழற்றி, காதுப்பின்புறம், அக்குள், பிட்டம் வரை முழுதும் பார்த்து எண்ண வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து "ரெண்டுதான்" என்று முடிவு செய்வதில்தான் பிழை நேர்கிறது.

மூன்று புண், அல்லது அருகருகே உள்ள மூன்று கொத்து வரை, குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டு இருந்தால் களிம்பு போதும். நான்கோ அதற்கு மேலோ போய், உடலின் பல பகுதிகளில் சிதறியிருந்தால் வாய்வழி மருந்து நல்லது. அத்தனை இடத்துக்கும் நாளுக்கு மூன்று முறை ஒழுங்காகக் களிம்பு போடுவது வீட்டில் நடக்காத காரியம் என்பதும் ஒரு காரணம். மறைவாக ஒரு இடம் விடுபட்டால் அங்கிருந்தே மறுபடி தொடங்கும். இந்த எண்ணிக்கை கோடு போட்ட எல்லை அல்ல. நான்கு புண்ணும் ஒரே கன்னத்தில் சின்னதாக இருந்தால் நான் களிம்பையே தேர்ந்தெடுப்பேன்.

எண்ணிக்கை எதுவானாலும் வாய்வழி மருந்து வேண்டிய நிலைகள் சில உண்டு. கொப்புள வகை, காய்ச்சலோ சோர்வோ இருப்பது, கழுத்தில் வலியோடு நெறி கட்டியிருப்பது, பொருக்குக்கு அடியில் ஆழமாகக் குழி விழுந்திருப்பது, நோய் எதிர்ப்புக் குறைந்த குழந்தை, ஒரே வகுப்பில் பலருக்கு ஒன்றாகப் பரவியிருப்பது.

நம் அண்ணனுக்கு இரண்டு புண். களிம்பு. தங்கைக்கு எட்டுப் புண், நான்கு பகுதிகளில். வாய்வழி மருந்து. இரண்டையும் ஒரே குழந்தைக்குச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதனால் கூடுதல் நன்மை கிடைப்பதாகத் தெரியவில்லை. கிருமிக்கு இரண்டு மருந்தையும் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புத்தான் கிடைக்கிறது.

## அண்ணனுக்கு: களிம்பு போடும் முறை

மருத்துவர் எழுதக்கூடியது 2 சதவீத மியூபிரோசின் அல்லது 2 சதவீத ஃபியூசிடிக் அமிலம். வழக்கமாக நாளுக்கு மூன்று முறை, ஐந்து நாள். தேவைப்பட்டால் ஏழு நாள். ஓசெனாக்சசின் என்ற புதிய களிம்பு கிடைக்கும் இடங்களில் நாளுக்கு இரு முறை, ஐந்து நாள். பிரிட்டனில் 2020 முதல், ஓரிரு இடத்தில் மட்டும் உள்ள சாதாரண வகைக்கு முதலில் 1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமை முயலச் சொல்கிறார்கள். ஆன்டிபயாட்டிக்கை மிச்சம் பிடிக்கும் நோக்கம் அது. கண்ணுக்கு அருகே அதைப் போடக் கூடாது. இங்கே சொல்வது அதற்கென்று தயாரான கிரீம். காயம் கழுவும் பெராக்சைடு திரவத்தை வீட்டில் கலந்து போடுவது வேறு சங்கதி, அது வேண்டாம்.

பலர் பொருக்கின் மேலேயே களிம்பைத் தடவிவிட்டு, "அஞ்சு நாள் போட்டேன், குறையல" என்கிறார்கள். கெட்டியான பொருக்குக்கு மேல் போட்ட மருந்து உள்ளே இறங்காது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சுத்தமான மெல்லிய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பொருக்கின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். அது ஊறி இளகியதும் சோப்பு நீரால் மெதுவாகத் துடைத்தால் தானாக வரும். வராத துண்டை இழுக்கக் கூடாது. இரத்தம் வந்தால் அழுத்தித் தேய்க்கிறோம் என்று அர்த்தம். அந்தத் துணியைத் திரும்ப முக்காமல் துவைக்கப் போட்டுவிட வேண்டும்.

பிறகு ஒற்றி உலர வைத்து, களிம்பை ஒரு பஞ்சுக்குச்சியில் பிதுக்கி எடுத்து, புண்ணும் அதைச் சுற்றிக் கொஞ்ச இடமும் மூடும்படி மெல்லிய படலமாகப் போட வேண்டும். குழாயின் வாயைப் புண்ணில் தொட்டால் அந்தக் களிம்பே கிருமிக்குக் கூடாகிவிடும். இன்னொரு புண்ணுக்கு இன்னொரு குச்சி. முடிந்ததும் மீண்டும் கை கழுவ வேண்டும். கை, கால் புண் என்றால் மேலே காஸ் துணி வைத்து மூடலாம். மூக்கடியில் அது நிற்காது, விட்டுவிடலாம்.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் கலவைக் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்தவை அவை. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் இரண்டு நாளில் அடக்கிக் காட்டும். கிருமியோ அடியில் பரவிக்கொண்டே இருக்கும். நோய் குறைந்தது போலத் தோன்றுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

## தங்கைக்கு: வாய்வழி மருந்தின் கணக்கு

தேர்வு ஊருக்கு ஊர் மாறும். செஃபலெக்சின், ஃப்ளூக்ளாக்சசிலின், டைக்ளாக்சசிலின், கோ-அமாக்சிகிளாவ் ஆகியவை வழக்கமானவை. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி என்று சந்தேகம் இருந்தால் கிளிண்டமைசின் அல்லது கோ-ட்ரைமாக்சசோல் போன்றவற்றுக்கு மருத்துவர் மாறுவார். முன்பு சளிக்கு வாங்கி மிச்சமான வெறும் அமாக்சிசிலினைக் கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலான ஸ்டாஃபிலோகாக்கஸ் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தானே சுரக்கிறது. அதனால் அது வேலை செய்யாது.

செஃபலெக்சின் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம் என்பது ஒரு வழக்கமான அளவு. 18 கிலோவுக்கு நாளொன்றுக்கு 450 மில்லிகிராம். மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 150. ஐந்து மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள திரவ மருந்தென்றால் வேளைக்கு 6 மில்லிலிட்டர், நாளொன்றுக்கு 18. ஏழு நாளுக்கு 126 மில்லிலிட்டர் வேண்டும். 100 மில்லிலிட்டர் குப்பி ஒன்றுதான் வாங்கியிருந்தால் ஆறாம் நாள் நடுவில் தீர்ந்துவிடும். புண்ணும் அதற்குள் காய்ந்திருக்கும், "சரியாப் போச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் ஐந்து நாள் எழுதினால் அது போதும், ஏழு எழுதினால் ஏழு நாளும் முடிக்க வேண்டும். மருந்தகத்திலேயே மொத்த அளவைக் கணக்குப் பார்த்து வாங்கிவிடுவது நல்லது. கணக்கு இங்கே புரிந்துகொள்வதற்காக. உங்கள் குழந்தையின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கரண்டியால் அளக்காமல், குப்பியோடு வரும் அளவு மூடியோ சிரிஞ்சோ பயன்படுத்தவும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாய்வழி மருந்து குடித்தாலும் பொருக்கை ஊறவைத்துக் கழுவுவது தொடரும். ஆனால் களிம்பு தேவையில்லை.

## எப்போது குறைய வேண்டும்?

இரண்டு நாளில் புதுப் புண் வருவது நிற்க வேண்டும். ஐந்தாம் நாள் வாக்கில் கசிவு நின்று பொருக்கு உதிரத் தொடங்கும். அடியில் கொஞ்ச நாள் சிவப்போ நிறமாற்றமோ இருக்கும், அது நோயல்ல. ஆழமாகப் போகாவிட்டால் தழும்பும் விழாது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் குறைகிறதா கூடுகிறதா என்று வாதிட வேண்டியிருக்காது.

மூன்று நாளுக்குப் பின்னும் புதுப் புண்கள் வந்தால் முதலில் மருந்து முறையாகப் போகிறதா, அடியில் சொறியோ எக்சிமாவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், கசிவை எடுத்துக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்ப்பார்கள். அதை விட்டு, அதே களிம்பை வாரக்கணக்கில் நீட்டிக்கக் கூடாது. ஃபியூசிடிக் அமிலத்தை அப்படி நீட்டிய இடங்களில்தான் எதிர்ப்புத்திறன் உள்ள கிருமிகள் பெருகின.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு வேகமாக விரிந்து சூடும் வலியும் இருந்தால், காய்ச்சல் ஏறினால், தோல் பெரிய பரப்பில் வெந்தது போலச் சிவந்து தொட்டாலே உரிந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## வீட்டில் பரவாமல்

அண்ணனுக்கு வந்து ஆறு நாள் கழித்துத் தங்கைக்கு வந்ததில் வியப்பில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றி வெளிப்பட நான்கு முதல் பத்து நாள் ஆகலாம், ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு ஒன்று முதல் மூன்று நாள். அண்ணனுக்கு மருத்துவம் தொடங்கிய அன்றே கிருமி தங்கையின் தோலில் ஏறியிருக்கக்கூடும். அதனால் ஒருவருக்குப் புண் வந்ததும் வீட்டார் அனைவரின் தோலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த பத்து நாள் கவனம் வைக்க வேண்டும். புண் இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை.

பரவும் வழி பெரும்பாலும் விரல், துண்டு, படுக்கை. காற்றில் அல்ல. எனவே வீட்டையே கழுவித் தள்ளும் முயற்சியை விட்டுவிட்டு, மூன்றே இடத்தில் கறாராக இருந்தால் போதும்.

முதலாவது, துண்டு. ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு, நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுத்தால் குழந்தைகளே குழப்பமில்லாமல் எடுப்பார்கள். மூக்கொழுகினால் துண்டு வேண்டாம், ஒருமுறை துடைத்து எறியும் காகிதம். புண் இருக்கும் குழந்தையின் துண்டு, தலையணை உறை, உள்ளாடைகளை முதல் சில நாள் தினமும் மாற்றி, சோப்புத்தூளோடு 60 டிகிரி வெப்பத்தில் துவைப்பது நல்லது. அந்த வசதி இல்லையென்றால், துணி தாங்கும் அளவுக்குச் சூடான நீரில் துவைத்து நன்றாகக் காய வைக்கலாம். எல்லார் துணியும் கிடக்கும் கூடையில் இதைப் போடாமல் தனியாக வைக்க வேண்டும்.

இரண்டாவது, நகம். முதல் நாளே ஒட்ட வெட்டிவிட வேண்டும். தங்கையின் முழங்கைக்கும் தொடைக்கும் கிருமியைக் கொண்டுபோனது அவளுடைய சொந்த நகமாகவே இருக்கும். தாடையைச் சொறிந்த விரல் அடுத்து எங்கே போகிறது என்று அரை மணி நேரம் கவனித்தால் தெரிந்துவிடும். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் அதற்கு மருந்து கேட்கலாம்.

மூன்றாவது, படுக்கை. மருந்து தொடங்கி முதல் 48 மணி நேரம் தனியாகப் படுக்க வைக்க வேண்டும். இருவரும் ஒரே பாயில் படுப்பவர்களென்றால் தனி விரிப்பாவது வேண்டும். அந்த இரண்டு நாளும் பச்சிளம் குழந்தையையும், புற்றுநோய்க்கோ வேறு எதற்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவரையும் நெருங்க விடக் கூடாது. பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருந்து காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அதை மூடி வைக்க வேண்டும், களிம்பு போடும் வேலையை வேறு ஒருவர் எடுத்துக்கொள்வது நல்லது. மடியில் உட்கார வைப்பதையே தடுக்க வேண்டியதில்லை, புண் மூடியிருந்தால் போதும்.

பாட்டி கேட்கக்கூடும்: "குளிக்க ஊத்தலாமா?" தாராளமாக ஊற்றலாம். புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று வாரக்கணக்கில் குளிக்காமல் வைத்திருந்தால் பொருக்கு தடித்து நோய்தான் நீளும். ஒரே வாளி நீரில் இரு குழந்தைகளைக் குளிப்பாட்டுவது மட்டும் வேண்டாம்.

## பள்ளிக்கு எப்போது?

மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆனதும், அல்லது புண்கள் எல்லாம் காய்ந்து ஆறியதும், இரண்டில் எது முந்தியோ அப்போது அனுப்பலாம். சில நாடுகளில் 24 மணி நேரமே போதும் என்கிறார்கள், பள்ளியின் விதி எதுவோ அதன்படி நடக்கலாம். கசியும் புண்ணை மூடி அனுப்ப வேண்டும். மல்யுத்தம், கபடி போல உடலோடு உடல் உரசும் விளையாட்டும் நீச்சலும் புண் முழுதாக ஆறும்வரை வேண்டாம். வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் இருந்தால் இங்கே எத்தனை களிம்பு போட்டாலும் திரும்ப வரும்.

## திரும்பத் திரும்ப வந்தால்

சிலருக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி உண்டு. மாதாமாதம் பிள்ளைக்குப் புண் வருகிறது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அடிக்கடி கட்டி வருகிறது என்றால் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கலாம். கிருமி இருந்தால், மூக்குக்கென்று தயாரான மியூபிரோசின் களிம்பை நாளுக்கு இரு முறை ஐந்து நாள் போட்டு, அந்த நாட்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு குளிப்பது என்று மருத்துவர் திட்டமிடுவார். வீட்டில் கிருமி இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன். ஒருவர் பிறகு செய்கிறேன் என்றால் அவரிடமிருந்து மற்றவர்களுக்கு மீண்டும் ஏறிவிடும். ஒருமுறை மட்டும் வந்து போன குழந்தைக்கு இதெல்லாம் தேவையில்லை.

## சிறுநீரைக் கவனிக்க

ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்த இம்பெடிகோவுக்குப் பின் அரிதாகச் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் அழற்சி அடையும். புண் ஆறி, எல்லாரும் மறந்த பிறகு, பொதுவாக இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். ஆறு வாரம் வரைகூட ஆகலாம். மருந்து ஒழுங்காகக் கொடுத்தாலும் இதை நிச்சயமாகத் தடுக்கலாம் என்று சொல்ல முடியாது. அதனால் புண் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆறு வாரத்துக்குள் காலையில் எழும்போது கண்ணிமையும் முகமும் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, வழக்கத்தைவிடக் குறைவாகப் போனாலோ, தலைவலி என்று படுத்துக்கொண்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டி, முன்பு தோலில் புண் வந்ததைச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பதும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் முதலில் செய்வார்கள்.